தேய்மானம்: தேய்வதற்கும் அதற்கும் என்ன தொடர்பு?

கணக்கியலில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் சொல் எது என்று கேட்டால், நான் தயங்காமல் தேய்மானத்தைச் சொல்வேன். பாதிக் குற்றம் அந்தச் சொல்லின் மேலேயே இருக்கிறது. தேய்மானம் என்றதும் செருப்பு தேய்வதும் சக்கரம் தேய்வதும்தான் மனதில் வரும். அதனால் பொருள் எவ்வளவு தேய்ந்தது, இன்று விற்றால் எவ்வளவு கிடைக்கும் என்பதைத்தான் கணக்கர் அளந்து எழுதுகிறார் என்று பலர் நினைக்கிறார்கள். இன்னும் சிலர், புதுப் பொருள் வாங்குவதற்காக ஆண்டுதோறும் எடுத்து வைக்கும் பணம் அது என்று நினைக்கிறார்கள்.

இரண்டுமே இல்லை. தேய்மானம் என்பது ஏற்கெனவே செலவழிந்துபோன ஒரு தொகையை, அந்தச் செலவால் பயன் கிடைக்கும் ஆண்டுகளுக்குப் பங்கிட்டு எழுதுவது. அமார்டைசேஷன் என்பதும் அதே வேலைதான். கையால் தொட முடியாத சொத்துகளுக்குச் செய்யும்போது பெயர் மாறுகிறது, அவ்வளவே.

## ஓராண்டு பஸ் பாஸ்

ஜனவரி முதல் தேதி 1,200 கொடுத்து ஓராண்டுக்கான பஸ் பாஸ் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பணம் அன்றே போய்விட்டது. பிப்ரவரியிலிருந்து டிசம்பர் வரை பயணத்துக்காக நீங்கள் ஒரு காசும் கொடுப்பதில்லை. அப்படியானால் ஜனவரியில் உங்கள் பயணச் செலவு 1,200, மற்ற மாதங்களில் பூஜ்யம் என்று சொல்வது சரியா? கையிலிருந்து பணம் போன தேதியை மட்டும் பார்த்தால் சரி. ஆனால் "மாதம் வேலைக்குப் போய்வர எவ்வளவு ஆகிறது?" என்று ஒருவர் கேட்டால், யோசிக்காமல் 100 என்றுதான் சொல்வீர்கள். சொன்ன அந்த நொடியில் தேய்மானக் கணக்கைப் போட்டுவிட்டீர்கள்.

ஜூன் மாத முடிவில் பாஸின் மதிப்பு என்ன? உங்கள் கணக்கில் 600. இன்னும் ஆறு மாதப் பயணம் பாக்கி இருக்கிறது. ஆனால் அதில் உங்கள் புகைப்படம் ஒட்டியிருப்பதால் யாரும் அதை விலைக்கு வாங்கப்போவதில்லை. சந்தையில் அதன் விலை பூஜ்யம். கணக்கில் 600, சந்தையில் பூஜ்யம், இரண்டிலும் தவறில்லை. இன்னும் பயன்படுத்தித் தீராத செலவு எவ்வளவு என்பதைத்தான் 600 சொல்கிறது. விற்றால் என்ன கிடைக்கும் என்பது வேறு கேள்வி. இந்த வேறுபாடு மனதில் பதிந்துவிட்டால் தேய்மானத்தில் பாதி புரிந்துவிட்டது.

## ஓர் அச்சு இயந்திரம்

இப்போது உண்மையான சொத்துக்கு வருவோம். ஓர் அச்சகம் 11 லட்சத்துக்கு இயந்திரம் வாங்குகிறது. அதைக் கொண்டுவந்து, மேடை கட்டி, நிறுவி, ஓட்டிப் பார்ப்பதற்கு இன்னும் 1 லட்சம் ஆகிறது. கணக்கில் இயந்திரத்தின் விலை 12 லட்சம். ஏனென்றால் இயந்திரத்தை வேலை செய்யும் நிலைக்குக் கொண்டுவர ஆன செலவு எல்லாம் அதன் அடக்க விலையில் சேரும். ஐந்தாண்டு ஓடும் என்றும், அதன் பிறகு 2 லட்சத்துக்கு விற்கலாம் என்றும் உரிமையாளர் மதிப்பிடுகிறார். மற்ற செலவுகள் போக ஆண்டுக்கு 5 லட்சம் ரொக்கமாகக் கையில் நிற்கிறது என்போம்.

முழு 12 லட்சத்தையும் வாங்கிய ஆண்டிலேயே செலவாக எழுதினால், முதல் ஆண்டு 7 லட்சம் நட்டம். இரண்டாம், மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் தலா 5 லட்சம் லாபம். ஐந்தாம் ஆண்டில் இயந்திரத்தை விற்ற பணமும் சேர்ந்து 7 லட்சம் லாபம். இதைப் பார்க்கும் ஒருவர் என்ன நினைப்பார்? முதல் ஆண்டு தொழில் படுத்துவிட்டது, பிறகு பிரமாதமாக எழுந்துவிட்டது என்று நினைப்பார். நடந்தது அப்படி எதுவுமில்லை. ஐந்து ஆண்டும் அதே இயந்திரம், அதே வேலை, அதே வருமானம்.

பங்கிட்டு எழுதினால் படம் தெளிகிறது. 12 லட்சத்திலிருந்து கடைசியில் திரும்பக் கிடைக்கும் 2 லட்சத்தைக் கழித்தால் 10 லட்சம். அதை ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 2 லட்சம். வருமானம் 5, தேய்மானம் 2, லாபம் 3. ஐந்து ஆண்டும் அதே 3 லட்சம்.

இரண்டு வழியிலும் ஐந்தாண்டு மொத்த லாபத்தைக் கூட்டிப் பாருங்கள். முதல் வழியில் நட்டம் 7 போக 5, 5, 5, 7. மொத்தம் 15 லட்சம். இரண்டாவது வழியில் மூன்றை ஐந்தால் பெருக்கினாலும் 15 லட்சம். எந்த ஆண்டுக்கு எவ்வளவு என்பதை மட்டுமே தேய்மானம் முடிவு செய்கிறது. மொத்தத்தில் ஒரு காசைக்கூட அது கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை.

இதுவரை பார்த்தது: பணம் ஒரே நாளில் போகிறது, பயன் பல ஆண்டுகளுக்கு வருகிறது. பயன் வரும் ஆண்டுகளின் தலையில் அந்தச் செலவைப் பிரித்து வைப்பதே தேய்மானம்.

## மூன்று எண்கள், அவற்றில் இரண்டு ஊகம்

மேலே செய்த கணக்கை ஒரு வரியில் எழுதலாம்:

```
ஆண்டுத் தேய்மானம் = (அடக்க விலை − எஞ்சிய மதிப்பு) ÷ பயன்படும் ஆயுள்
```

அடக்க விலைக்கு ரசீது இருக்கிறது. அது உறுதியான எண். எஞ்சிய மதிப்பு என்பது பயன்பாடு முடிந்ததும் அந்தப் பொருளை விற்றால் கிடைக்கும் என்று எதிர்பார்க்கும் தொகை. பயன்படும் ஆயுள் என்பது இந்தத் தொழிலுக்கு அந்தப் பொருள் எத்தனை காலம் உதவும் என்ற மதிப்பீடு. இந்த இரண்டும் எதிர்காலத்தைப் பற்றியவை, ஆகவே ஊகங்கள். நியாயமான ஊகங்களாக இருக்கலாம், ஆனாலும் ஊகங்களே.

பயன்படும் ஆயுள் என்பது இரும்பின் ஆயுள் அல்ல. நன்றாக எண்ணெய் போட்டுப் பராமரித்தால் அந்த அச்சு இயந்திரம் இருபது ஆண்டு கூட ஓடலாம். ஆனால் ஐந்து ஆண்டில் அதைவிட வேகமான, மலிவான தொழில்நுட்பம் வந்துவிடும், அதன் பிறகு இதை வைத்துப் போட்டிபோட முடியாது என்றால் பயன்படும் ஆயுள் ஐந்துதான். கணினிகளுக்கு இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும். அவை தேய்ந்து சாவதில்லை, காலாவதியாகிச் சாகின்றன. "நன்றாகத்தானே ஓடுகிறது, பிறகு எதற்குத் தேய்மானம்?" என்ற கேள்விக்கு இதுதான் பதில். பராமரிப்பு பொருளை ஓட வைக்கிறது. செலவான பணத்தைத் திருப்பித் தருவதில்லை.

நிலத்துக்குப் பொதுவாகத் தேய்மானம் எழுதுவதில்லை என்பதும் இதனால்தான். அதன் பயனுக்கு முடிவு தேதி இல்லை. முடிவு இல்லாத ஒன்றை எத்தனை ஆண்டுகளால் வகுப்பது? கல் வெட்டித் தீர்ந்துபோகும் குவாரி போன்றவை மட்டும் விலக்கு. கட்டடத்தோடு சேர்த்து மனை வாங்கினாலும் இரண்டின் விலையையும் பிரித்து, கட்டடத்துக்கு மட்டும்தான் தேய்மானம் போடுவார்கள்.

## எப்படிப் பங்கிடுவது?

ஆண்டுதோறும் சமமாகப் பிரிப்பதற்கு நேர்க்கோட்டு முறை என்று பெயர். மேலே நாம் செய்தது அதுதான். இன்னொன்று குறைந்துசெல் மதிப்பு முறை. இதில் ஒவ்வோர் ஆண்டும், அந்த ஆண்டின் தொடக்கத்தில் மிச்சமிருக்கும் ஏட்டு மதிப்பில் ஒரே சதவீதத்தை எழுதுவார்கள். ஏட்டு மதிப்பு என்றால் அடக்க விலையிலிருந்து அதுவரை எழுதிய தேய்மானம் போக மீதி. நம் இயந்திரத்துக்கு 30 சதவீதம் என்று வைத்தால்:

| ஆண்டு | நேர்க்கோட்டு முறையில் தேய்மானம் | குறைந்துசெல் முறையில் தேய்மானம் | குறைந்துசெல் முறையில் ஏட்டு மதிப்பு |
|---|---|---|---|
| 1 | 2,00,000 | 3,60,000 | 8,40,000 |
| 2 | 2,00,000 | 2,52,000 | 5,88,000 |
| 3 | 2,00,000 | 1,76,400 | 4,11,600 |
| 4 | 2,00,000 | 1,23,480 | 2,88,120 |
| 5 | 2,00,000 | 86,436 | 2,01,684 |

இரண்டு முறையும் கிட்டத்தட்ட அதே 2 லட்சத்தில் வந்து நிற்கின்றன. வழிதான் வேறு. புதிதாக இருக்கும்போது அதிகம் உழைத்து, பிறகு பழுதுச் செலவு கூடிக்கொண்டே போகும் பொருளுக்கு இரண்டாவது முறை பொருந்தும்: தேய்மானம் குறையக் குறைய பழுதுச் செலவு ஏறும், இரண்டையும் கூட்டினால் ஆண்டுச் சுமை ஓரளவு சமமாக இருக்கும். மேசை, நாற்காலி, கட்டடம் போல ஆண்டுதோறும் ஒரே மாதிரி பயன் தருபவைக்கு நேர்க்கோடு போதும். ஓட்டிய கிலோமீட்டர், அச்சடித்த தாள் என்று பயன்பாட்டை எண்ணிப் பங்கிடும் முறையும் உண்டு.

வரிச் சட்டங்கள் பெரும்பாலும் தமக்கென்று தனி விகிதங்களை வைத்திருக்கும். அவை ஒரு தொழிலின் சொந்தக் கணக்கேட்டில் உள்ள ஆயுளோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. ஒரே இயந்திரத்துக்கு இரண்டு தேய்மான எண்களைப் பார்த்தால் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று உடனே முடிவு செய்ய வேண்டாம்.

## அந்தப் பணம் எங்கே இருக்கிறது?

தேய்மானம் பற்றிக் கேட்கப்படும் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது: "ஆண்டுக்கு 2 லட்சம் தேய்மானம் எழுதினோமே, ஐந்தாண்டில் 10 லட்சம் சேர்ந்திருக்க வேண்டுமே, அது எங்கே?" நேர்மையான கேள்வி. பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

தேய்மானம் எழுதும் நாளில் பணம் எங்கும் நகர்வதில்லை. யாருக்கும் காசோலை போவதில்லை, எந்தப் பெட்டியிலும் எதுவும் விழுவதில்லை. ஏட்டில் இயந்திரத்தின் மதிப்பு 2 லட்சம் குறைகிறது, அந்த ஆண்டின் செலவு 2 லட்சம் கூடுகிறது. அவ்வளவுதான். பணம் போனது இயந்திரம் வாங்கிய அன்று.

ஆனால் அந்தக் கேள்வியில் ஓர் உண்மையும் ஒளிந்திருக்கிறது. நம் அச்சகத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரொக்கம் மிஞ்சுகிறது, லாபம் என்று ஏடு காட்டுவதோ 3 லட்சம். உரிமையாளர் லாபத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் மீதி 2 லட்சம் தொழிலுக்குள்ளேயே நிற்கும். ஐந்தாண்டில் 10 லட்சம், இயந்திரத்தை விற்ற 2 லட்சம், ஆக 12 லட்சம். முதலில் போட்ட பணம் அப்படியே திரும்பி வந்துவிட்டது! தேய்மானமே எழுதாமல் 5 லட்சத்தையும் லாபம் என்று எடுத்திருந்தால், ஆண்டுதோறும் தன் மூலதனத்தில் 2 லட்சத்தைத் தின்றுகொண்டிருப்பதே அவருக்குத் தெரியாமல் போயிருக்கும். "நல்ல லாபம் வந்துகொண்டிருந்தது, திடீரென்று இயந்திரம் மாற்றப் பணமில்லாமல் போய்விட்டது" என்று சொல்லும் தொழில்களில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்.

தொழிலுக்குள் நிற்கும் அந்த 12 லட்சம் ரொக்கமாகவே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. காகிதச் சரக்காக மாறியிருக்கலாம், வாடிக்கையாளர்களின் கடன்பாக்கியாக நிற்கலாம், பழைய கடனை அடைக்கப் போயிருக்கலாம். மேலும் புது இயந்திரத்தின் விலை அப்போது 12 லட்சமாக இருக்கும் என்று யார் சொன்னது? பழைய செலவைப் பங்கிடுவது தேய்மானம். புதுப் பொருளுக்குப் பணம் சேர்ப்பது தனி ஏற்பாடு, தனியாகச் செய்ய வேண்டியது.

ஆக, தேய்மானம் ரொக்கமும் இல்லை, சேமிப்பும் இல்லை. எவ்வளவை லாபம் என்று சொல்லலாம் என்பதற்கு அது ஒரு வரம்பு போடுகிறது.

## அமார்டைசேஷன்: தொட முடியாதவற்றுக்கு

மென்பொருள் உரிமம், காப்புரிமை, வெளியீட்டு உரிமை போன்றவை புலனாகாச் சொத்துகள். கையால் தொட முடியாது, ஆனால் காசு கொடுத்து வாங்கியவை, பல ஆண்டுகள் பயன் தருபவை. நம் அச்சகம் 6 லட்சம் கொடுத்து மூன்றாண்டுக்கு ஒரு வடிவமைப்பு மென்பொருளின் உரிமம் வாங்கினால், ஆண்டுக்கு 2 லட்சம் செலவாக எழுதும். மூன்றாண்டு முடிந்ததும் விற்க எதுவும் மிஞ்சாது என்பதால் எஞ்சிய மதிப்பு பூஜ்யம். பஸ் பாஸ் கதைதான் இது.

இங்கே ஆயுளைச் சட்டமோ ஒப்பந்தமோ வரையறுக்கும். ஆனால் அது மேல் எல்லை மட்டுமே. காப்புரிமை பொதுவாக விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு செல்லும். அந்தக் கண்டுபிடிப்பு எட்டு ஆண்டில் பழசாகிவிடும் என்று தெரிந்தால் எட்டு ஆண்டிலேயே எழுதி முடிக்க வேண்டும். முடிவு தேதி சொல்லவே முடியாத புலனாகாச் சொத்துகளும் உண்டு. பன்னாட்டுக் கணக்கியல் தரங்களின்படி அவற்றை ஆண்டுக்கு ஆண்டு பங்கிடாமல், மதிப்பு குறைந்துவிட்டதா என்று ஆண்டுதோறும் சோதிப்பார்கள்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுவோம். வங்கிக் கடனைத் தவணை தவணையாக அடைப்பதற்கும் அமார்டைசேஷன் என்றே சொல்கிறார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் அங்கே உண்மையாகவே மாதாமாதம் பணம் கையைவிட்டுப் போகிறது. இங்கே போவதில்லை.

## ஊகம் மாறினால் லாபம் மாறும்

இரண்டு எண்கள் ஊகம் என்றேன். அதன் விளைவை நம் இயந்திரத்திலேயே பார்க்கலாம். நேர்க்கோட்டு முறையில் மூன்றாண்டு முடிந்தது. ஏட்டு மதிப்பு 6 லட்சம். இன்னும் இரண்டாண்டு என்று எண்ணியிருந்த இயந்திரம் இன்னும் நான்காண்டு தாங்கும் என்று உரிமையாளர் கருதுகிறார். எழுதிய பழைய கணக்கைத் தொட மாட்டார்கள். மீதி 6 லட்சத்தில் எஞ்சிய மதிப்பு 2 போக 4 லட்சத்தை இனி நான்கு ஆண்டுக்குப் பங்கிடுவார்கள். தேய்மானம் ஆண்டுக்கு 2 லட்சத்திலிருந்து 1 லட்சமாகக் குறையும். லாபம் 3 லட்சத்திலிருந்து 4 லட்சமாக ஏறும். ஒரு தாள் கூட அதிகமாக அச்சாகவில்லை, ஒரு வாடிக்கையாளர் கூட புதிதாக வரவில்லை.

இது சட்டத்துக்குப் புறம்பான வேலையா? இல்லை. ஆயுளையும் எஞ்சிய மதிப்பையும் ஒவ்வோர் ஆண்டு முடிவிலாவது மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றே பன்னாட்டுக் கணக்கியல் தரம் 16 சொல்கிறது. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட் 2023இல் தன் சர்வர்களின் ஆயுளை 4 ஆண்டிலிருந்து 6 ஆண்டாக மாற்றியது. சில நெட்வொர்க் கருவிகளின் ஆயுளையும் 5இலிருந்து 6 ஆக்கியது. அதனால் அந்த ஓராண்டில் தேய்மானச் செலவு 300 கோடி டாலருக்கு மேல் குறைந்தது. மாற்றத்தையும் அதன் விளைவையும் நிறுவனமே அறிக்கையில் வெளிப்படையாகச் சொன்னது. அதனால் வாசிப்பவர், லாபத்தில் எவ்வளவு இந்த மாற்றத்தால் வந்தது என்று பிரித்துப் பார்க்க முடிந்தது.

இதே கருவியைத் தவறாகவும் பயன்படுத்தலாம். அமெரிக்காவின் குப்பை அகற்றும் நிறுவனமான வேஸ்ட் மேனேஜ்மென்ட், தன் குப்பை லாரிகளின் ஆயுளை நீட்டியும் அவற்றின் எஞ்சிய மதிப்பை ஆதாரமில்லாமல் உயர்த்தியும் தேய்மானத்தைக் குறைத்துக் காட்டியது என்று அந்நாட்டுப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2002இல் அதன் முன்னாள் உயர் அதிகாரிகள் மீது வழக்குத் தொடுத்தது. இதுவும் வேறு சில வழிகளும் சேர்ந்து, 1992 முதல் 1997 வரையிலான லாபத்தில் 170 கோடி டாலரை நிறுவனம் பின்னர் திருத்தி எழுத வேண்டியிருந்தது. கணக்கில் ஆயுளை நீட்டியதால் ஒரு லாரிகூட ஒரு நாள் கூடுதலாக ஓடிவிடவில்லை.

பொய்யான ஊகம் கடைசியில் எப்படி வெளிப்படும்? பெரும்பாலும் விற்கும்போது. நம் இயந்திரத்தை முதல் திட்டப்படியே வைத்துக்கொள்வோம். நான்காம் ஆண்டு முடிவில் ஏட்டு மதிப்பு 4 லட்சம். அன்று 3 லட்சத்துக்குத்தான் விற்க முடிந்தது என்றால் 1 லட்சத்தை விற்பனை நட்டம் என்று எழுதுவார்கள். கூட்டிப் பாருங்கள்: நான்காண்டுத் தேய்மானம் 8, நட்டம் 1, மொத்தம் 9. வாங்கிய விலை 12, விற்ற விலை 3, வித்தியாசம் அதே 9. நட்டம் என்று பெயர் வைத்திருந்தாலும், முந்தைய ஆண்டுகளில் எழுதாமல் விட்ட தேய்மானம்தான் இது. ஓர் ஆண்டு இப்படி நேர்வது இயல்பு. பழைய சொத்துகளை விற்கும்போதெல்லாம் ஒரு நிறுவனம் நட்டமே காட்டிக்கொண்டிருந்தால், அது வைத்திருக்கும் ஆயுள்கள் நீளம் அல்லது எஞ்சிய மதிப்புகள் அதிகம் என்று அர்த்தம்.

## ஓர் அறிக்கையில் எங்கே பார்ப்பது

நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் கணக்குகளுக்குப் பின்னால் குறிப்புகள் வரும். அங்கே நிலைச் சொத்துகள் பற்றிய குறிப்பில் சொத்துகளின் மொத்த அடக்க விலை, அதுவரை திரண்ட தேய்மானம், அந்த ஆண்டின் தேய்மானம் மூன்றும் இருக்கும். கணக்கியல் கொள்கைகள் என்ற பகுதியில் ஒவ்வொரு வகைச் சொத்துக்கும் எத்தனை ஆண்டு ஆயுள் என்று எழுதியிருப்பார்கள்.

திரண்ட தேய்மானத்தை மொத்த அடக்க விலையால் வகுத்தால் சொத்துகள் எவ்வளவு பழசு என்று தோராயமாகத் தெரியும். மூன்றாண்டு முடிவில் நம் அச்சகத்துக்கு 6ஐ 12ஆல் வகுத்தால் பாதி. அடக்க விலையை ஆண்டுத் தேய்மானத்தால் வகுத்தால் சராசரி ஆயுள் கிடைக்கும்: 12ஐ 2ஆல் வகுத்தால் 6. உண்மை ஆயுள் 5 என்றாலும் 6 வருவது, 2 லட்சம் எஞ்சிய மதிப்பு கணக்கில் கலந்திருப்பதால். தேய்மானம் 1 லட்சமாகக் குறைந்த ஆண்டில் இதே கணக்கைப் போட்டால் 12 வரும். புதிதாக எந்த இயந்திரமும் வாங்காத அச்சகத்தில் ஆறு ஒரே ஆண்டில் பன்னிரண்டாக ஏறியிருந்தால், லாபம் கூடியதற்கான காரணத்தை விற்பனையில் தேடுவதற்கு முன் ஆயுளை மாற்றிய குறிப்பைத் தேடுங்கள்.